ரீவி மட்டுமே திரை என்றால் லப்டொப்பின் மூடியை மூடுவதா, திறந்து வைப்பதா?

வீட்டில் ஒரு பழைய லப்டொப் சும்மா கிடக்கும், அதன் திரை வெடித்திருக்கும் அல்லது கண்ணுக்குக் காணாத அளவு சின்னதாக இருக்கும், ஹோலில் பெரிய ரீவி இருக்கும். இரண்டையும் ஒரு எச்டிஎம்ஐ வயரால் இணைத்துவிட்டால் ரீவியே கொம்பியூட்டர் ஆகிவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் இப்போது நிறைய வீடுகளில் இந்த ஏற்பாட்டைப் பார்க்கிறேன். இணைத்த கையோடு வரும் கேள்வி ஒன்றுதான்: லப்டொப்பை மூடி ரீவிக்குக் கீழே தள்ளிவிடலாமா? மூடினால் அது நித்திரைக்குப் போய்விடுகிறதே, என்ன செய்வது?

நித்திரைக்குப் போகாமல் வைப்பது லேசான வேலை, இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் மூடி வைத்துத்தான் ஓட்டவேண்டுமா என்பது வேறு கேள்வி, அதைத்தான் வடிவாக யோசிக்கவேண்டும். என் பார்வையில் மூன்று வழிகள் இருக்கின்றன: முழுதாக மூடி ஓட்டுவது, முழுதாகத் திறந்து வைத்துத் திரையை மட்டும் அணைப்பது, அரைகுறையாகச் சாய்த்து வைப்பது. பெரும்பாலான வீடுகளுக்கு நான் மூன்றாவதைத்தான் சொல்வேன். ஏன் என்று சொல்வதற்கு முதல், மூடி ஓட்டுவதை எப்படிச் செய்வது என்பதைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் எந்த வழியை எடுத்தாலும் அந்த செட்டிங் தேவைப்படும்.

விண்டோஸில் Control Panel, அதில் Power Options, அதில் இடப்பக்கம் `Choose what closing the lid does`. அங்கே `When I close the lid` என்ற வரியில் இரண்டு பெட்டிகள் இருக்கும், ஒன்று பற்றரியில் ஓடும்போது, மற்றது சார்ஜர் செருகியிருக்கும்போது. இரண்டாவதை `Do nothing` ஆக்கிச் சேமித்தால் போதும். அந்தப் பக்கத்தைத் தேடிப்பிடிக்கப் பொறுமை இல்லாதவர்கள் கட்டளைச் சாளரத்தில் இதை அடிக்கலாம், சார்ஜரில் ஓடும்போது என்ன செய்வது என்பதை மட்டும் இது மாற்றும்:

```
powercfg /setacvalueindex SCHEME_CURRENT SUB_BUTTONS LIDACTION 0
powercfg /setactive SCHEME_CURRENT
```

பிறகு விண்டோஸ் கீயோடு P ஐ அழுத்தி `Second screen only` என்பதைத் தெரிவு செய்யுங்கள். படம் ரீவிக்கு மட்டும் போகும், லப்டொப்பின் திரை அணைந்துவிடும். கவனியுங்கள், திரையை அணைக்க மூடியை மூடவேண்டும் என்ற கட்டாயம் இங்கேயே இல்லாமல் போய்விட்டது. மூடுவது இனி இடத்துக்கும் அழகுக்கும் மட்டும்தான்.

லினக்ஸ் போட்டிருப்பவர்களுக்கு ஒரு வித்தியாசம் உண்டு. விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்ததால் பழைய லப்டொப்புகளில் லினக்ஸ் போடுபவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள், அதனால் இதையும் சொல்லவேண்டும். systemd என்ற அடிப்படை மென்பொருள் உள்ள லினக்ஸ்களில், வெளித்திரை ஒன்று இணைந்திருக்கும்போது மூடியை மூடினால் ஒன்றும் நடக்காது, அதுதான் அதன் இயல்பான அமைப்பு. அதை நம்பி மூடிவிட்டு வருவீர்கள், எல்லாம் நன்றாக ஓடும். இரவு யாராவது ரீவியை அணைத்தால், வெளித்திரை போய்விட்டது, மூடியும் மூடியிருக்கிறது என்று கணக்குப் போட்டு லப்டொப் நித்திரைக்குப் போய்விடலாம். அதைத் தடுக்க `/etc/systemd/logind.conf` கோப்பில் இப்படி எழுதவேண்டும்:

```
[Login]
HandleLidSwitch=ignore
HandleLidSwitchExternalPower=ignore
HandleLidSwitchDocked=ignore
```

எழுதிய பிறகு ஒருக்கா ரீஸ்டார்ட் செய்யுங்கள். மக்புக் வைத்திருப்பவர்களுக்கு தெரிவு இன்னும் குறுகியது: சார்ஜர், வெளித்திரை, வெளி கீபோட், மவுஸ் எல்லாம் இருந்தால்தான் அது மூடிய நிலையில் ஓடும். வெளித்திரை போனால் நித்திரைக்குப் போய்விடும்.

சரி, இனி உண்மையான விஷயத்துக்கு வருவோம். லப்டொப்பை மூடினால் நீங்கள் இழப்பது திரையை மட்டும் இல்லை. கமரா மூடியில் இருக்கிறது. பல லப்டொப்புகளில் மைக்கும் கமராவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பவர் பட்டன் கீபோட்டுக்கு மேலே, அதாவது மூடிக்குள்ளே இருக்கிறது. வைஃபை அன்ரெனாவும் பெரும்பாலும் திரையைச் சுற்றித்தான் ஓடுகிறது, மூடினாலும் வேலை செய்யும், ஆனால் ரவுட்டர் தூரத்து அறையில் என்றால் சிக்னல் கொஞ்சம் குறையலாம். இதில் கமராதான் எங்கள் ஊர் வீடுகளில் முடிவைத் தீர்மானிக்கும் என்று நினைக்கிறேன். ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளைகளைப் பெரிய திரையில் பார்த்துக் கதைக்கத்தான் பாதிப் பேர் லப்டொப்பை ரீவியோடு இணைக்கிறார்கள். மூடி வைத்தால் நீங்கள் அவர்களைப் பார்க்கலாம், அவர்கள் உங்களைப் பார்க்க முடியாது, உங்கள் குரலும் போர்வைக்குள் இருந்து கதைப்பதுபோல் கேட்கும். தனியாக யுஎஸ்பி கமரா ஒன்று வாங்கி ரீவிக்கு மேலே வைப்பது நல்ல தீர்வு, சொல்லப்போனால் லப்டொப்பின் கமராவை விட அதுதான் கண்ணுக்கு நேராக இருக்கும். மைக் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அதை வாங்கப்போவதில்லை என்றால் மூடும் யோசனையை இங்கேயே விட்டுவிடலாம்.

அடுத்தது சூடு. லப்டொப்பைக் கையில் எடுத்துக் காற்று எந்த வழியால் வெளியே வருகிறது என்று பாருங்கள். பக்கவாட்டிலோ பின்பக்கத்திலோ வெளிப்படையான துவாரம் இருந்தால் மூடினாலும் பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் நிறைய மெல்லிய லப்டொப்புகளில் சூட்டுக்காற்று மூடியின் கீலுக்கு அருகே, திரையின் அடிப்பக்கத்தை நோக்கி வெளியே வரும். திறந்திருக்கும்போது கீலுக்கும் உடலுக்கும் இடையில் இடைவெளி இருக்கும், மூடினால் அது ஒடுங்கிவிடும், சூடு திரையின் கீழ் ஓரத்திலேயே தங்கிவிடும். சித்திரை, வைகாசி வெயிலில், பின்னேரம் மூன்று மணிக்கு, கதவு போட்ட ரீவி அலுமாரிக்குள் இப்படி ஒன்றை வைத்தால் அதன் ஃபான் அணையவே அணையாது. ஃபானின் சத்தம் படத்தின் சத்தத்தைத் தாண்டிக் கேட்டால் அதுவே முதல் அறிகுறி. வீடியோ தொடக்கத்தில் நன்றாக ஓடி, அரை மணிக்குப் பிறகு தட்டுத்தடுமாறினால் அது இரண்டாவது அறிகுறி, சிபியு தன்னைக் காப்பாற்ற வேகத்தைக் குறைக்கிறது என்று அர்த்தம். HWiNFO போன்ற இலவச மென்பொருளில் வெப்பநிலையைப் பார்க்கலாம். வீடியோ ஓடும்போது 70 பாகை செல்சியஸ் அளவில் நின்றால் கவலை இல்லை, 90 ஐத் தாண்டி அங்கேயே நின்றால் மூடி வைப்பதற்கு அந்த மெஷின் ஏற்றதல்ல. ஒரே வீடியோவை அரை மணி திறந்து வைத்தும் அரை மணி மூடி வைத்தும் ஓட்டி இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள், வேறு யாருடைய அபிப்பிராயமும் தேவைப்படாது.

இன்னொன்று, ரீவிக்கும் அதன் பெட்டிகளுக்கும் மேலே தூசு படாமல் பூவேலைத் துணி விரிக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் லப்டொப்புக்கு மேல் அதை விரிக்கவே கூடாது.

இனி எல்லோரும் தவறவிடும் இடம்: ரீவியை ரிமோட்டால் அணைத்தால் என்ன நடக்கும்? எச்டிஎம்ஐ வயரில் ஒரு கம்பி "நான் இங்கே இருக்கிறேன்" என்று ரீவி லப்டொப்புக்குச் சொல்வதற்கென்றே இருக்கிறது. சில ரீவிகள் அணைத்த பிறகும் அந்தச் சைகையை விடாமல் வைத்திருக்கும், லப்டொப்புக்கு ரீவி அணைந்ததே தெரியாது. வேறு சில ரீவிகள் அணைந்த உடனே அதையும் விட்டுவிடும், லப்டொப்பைப் பொறுத்தவரை வயரைப் பிடுங்கியதுபோல்தான். உங்கள் ரீவி எந்த வகை என்பதை மூடுவதற்கு முதலே கண்டுபிடிக்கலாம். மூடியைத் திறந்து வைத்து, விண்டோஸ் கீ, P, பிறகு `Extend` கொடுங்கள். ஒரு சாளரத்தை ரீவிப் பக்கம் இழுத்து விடுங்கள். இப்போது ரிமோட்டால் ரீவியை அணையுங்கள். லப்டொப்பின் திரை ஒருக்கா மினுங்கி, அந்தச் சாளரம் லப்டொப்புக்குத் தாவி வந்தால் அல்லது மறைந்தால் உங்கள் ரீவி சைகையை விடும் வகை. ஒன்றும் நடக்கவில்லை என்றால் அது பிடித்து வைத்திருக்கும் வகை, நீங்கள் அதிர்ஷ்டசாலி.

விடும் வகை ரீவியோடு மூடி ஓட்டினால், லப்டொப்புக்கு ஒரு திரையும் இல்லாத நிலை வருகிறது. பெரும்பாலும் அது தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும், ரீவி வந்ததும் படத்தை அனுப்பும். சிலவேளை ரீவி கறுப்பாகவே நிற்கும், "சிக்னல் இல்லை" என்று காட்டும். அப்போது விண்டோஸ் கீ, Ctrl, Shift, B நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் மீள ஆரம்பிக்கும், பல தடவை படம் வந்துவிடும். அது சரிவராவிட்டால் மூடியைத் திறக்கத்தான் வேண்டும். இது தினமும் நடந்தால், ரீவி இருப்பதாகவே லப்டொப்பை நம்பவைக்கும் சின்னத் துண்டு ஒன்று இருக்கிறது, இடிஐடி எமுலேட்டர் என்று கேளுங்கள், வயருக்கும் லப்டொப்புக்கும் இடையில் செருகவேண்டும். ரீவிக்குப் படத்தை விடும் வகையாகப் பார்த்து வாங்குங்கள், ஏனென்றால் அதேபோல இன்னொன்று இருக்கிறது, அது பொய்த்திரை மட்டும் காட்டும், அதன் வழியாக ரீவிக்கு ஒன்றும் போகாது.

கரண்ட் போவதையும் இதே இடத்தில் யோசிக்கவேண்டும். கரண்ட் போனதும் ரீவி செத்துவிடும், லப்டொப் பற்றரியில் ஓடும். யூரியூப்பில் படம் ஓடிக்கொண்டிருந்தால், இன்ரநெற் இருக்கும்வரை அது நிற்காது. ரீவி போனதால் சத்தம் லப்டொப்பின் ஸ்பீக்கருக்குத் திரும்பிவிடும், இருட்டுக்குள் மூடிய லப்டொப்பில் இருந்து ஆட்கள் கதைக்கும் சத்தம் வரும். வீடியோ ஓடும்போது பிரவுசர் கொம்பியூட்டரை நித்திரைக்குப் போகவிடாது, ஆகவே "பத்து நிமிடத்தில் Sleep" என்று போட்டிருந்தாலும் அதை நம்பமுடியாது. பற்றரி அடிமட்டம் வரை இறங்கி, கடைசியில் தானே ஹைபர்நேட் ஆகும் அல்லது அணைந்துவிடும். கரண்ட் திரும்பி வந்ததும் அதை உயிர்ப்பிக்கப் பவர் பட்டனை அழுத்தவேண்டும், பட்டனோ மூடிக்குள் இருக்கிறது, லப்டொப்போ அலுமாரிக்குள் இருக்கிறது.

இதற்கு ஒரு மருந்து பயோஸில், அதாவது விண்டோஸ் எழுவதற்கு முதல் ஓடும் லப்டொப்பின் அடிப்படை செட்டிங்கில், இருக்கலாம். சார்ஜரில் கரண்ட் வந்ததும் தானே ஒன் ஆகும் தெரிவு சில லப்டொப்புகளில் உண்டு, `Wake on AC` அல்லது `Power On with AC Attach` போன்ற பெயரில் இருக்கும். பெரும்பாலும் அலுவலகப் பாவனைக்கான மொடல்களில்தான் பார்க்கலாம், வீட்டுப் பாவனை மொடல்களில் குறைவு. அந்தத் தெரிவு இருந்தாலும் ஒன்றை மனதில் வையுங்கள்: விண்டோஸ் எழுவதற்கு முந்திய படங்கள், அதாவது கம்பனி லோகோ, டிஸ்க் சோதனை போன்றவை, சில மெஷின்களில் லப்டொப்பின் சொந்தத் திரைக்கு மட்டும்தான் போகும். அங்கே ஏதாவது கேட்டு நின்றால் ரீவியில் ஒன்றும் தெரியாது, மெஷின் பழுதாகிவிட்டது என்று நினைப்பீர்கள். பற்றரிக்கான மூடி செட்டிங்கும் தனி என்பதை மறக்கவேண்டாம். சார்ஜர் பக்கம் `Do nothing`, பற்றரிப் பக்கம் `Sleep` என்று விட்டிருந்தால் கரண்ட் போகும்போது உங்கள் லப்டொப் எப்படி நடந்துகொள்கிறது என்பதை, மூடிய நிலையில் சார்ஜர் புளக்கைக் கழற்றி ஒருக்கா சோதித்துவிடுங்கள். நித்திரைக்குப் போனதா என்று பிறகு பார்க்க Event Viewer இல் System பதிவில் Kernel-Power, எண் 42 இருக்கிறதா என்று தேடலாம், பழைய லப்டொப்புகளில் நித்திரைக்குப் போகும்போது விண்டோஸ் பொதுவாக எழுதும் குறிப்பு அது.

இவ்வளவும் மூடி வைப்பதன் செலவு. முழுதாகத் திறந்து வைத்தால் இந்தச் சிக்கல்களில் பெரும்பாலானவை போய்விடும். கமரா, மைக், பவர் பட்டன் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில், காற்றுக்கும் வழி. ஆனால் இடத்தைப் பிடிக்கும், சின்னப்பிள்ளைகள் கீபோட்டில் கை வைப்பார்கள், வாசல் திறந்திருக்கும் வீட்டில் புழுதி கீகளுக்குள் இறங்கும். தனி மேசை இருக்கிற, சின்னப்பிள்ளைகள் இல்லாத வீட்டுக்கு இது நல்ல வழிதான். மற்றவர்களுக்கு, அரைகுறையாகச் சாய்த்து வைப்பது.

மூடி மூடியிருப்பதை லப்டொப் எப்படி அறிகிறது என்றால், பெரும்பாலானவற்றில் மூடியில் ஒரு சின்னக் காந்தமும், கீபோட் பக்கத்தில் அதை உணரும் சென்சரும் இருக்கின்றன. மூடி நன்றாக நெருங்கினால்தான் அது வேலை செய்யும், நான்கு விரல் இடைவெளி விட்டால் லப்டொப் தன்னைத் திறந்ததாகவே நினைக்கும். (காந்தம் உள்ள கவர் போட்ட போனைக் கீபோட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் திறந்திருக்கும் லப்டொப்பும் திடீரென நித்திரைக்குப் போவது இதனால்தான்.) அந்த நான்கு விரல் இடைவெளியில் சூட்டுக்காற்று வெளியே போகும், புழுதி நேரே விழாது, பவர் பட்டனுக்கு விரல் போகும். ரீவி சைகையை விட்டால் விண்டோஸ் லப்டொப்பின் திரையைத் தானே எழுப்பும், இடைவெளிக்குள் வெளிச்சம் தெரியும், மெஷின் உயிரோடு இருக்கிறது என்று எட்டிப் பார்க்காமலே விளங்கும். வீடியோ கோல் வரும்போது மூடியை நிமிர்த்தினால் கமரா தயார். கீல் தளர்ந்த லப்டொப்புக்கு மட்டும் இது சரிவராது, மூடி தானாக விழுந்துவிடும். அதற்காகத்தான் சாய்த்து வைத்தாலும் மூடி செட்டிங்கை `Do nothing` ஆக்கி வைக்கச் சொன்னேன், யாராவது தெரியாமல் அழுத்தி மூடினாலும் படம் நிற்காது.

கொக்குவிலில் பெரியம்மா வீட்டில் நான் செய்து கொடுத்ததைச் சொல்கிறேன், உங்கள் வீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மகன் விட்டுப்போன லப்டொப், திரையில் ஒரு மூலை வெடித்திருந்தது, சூட்டுக்காற்று கீல் வழியாக வெளியே வரும் வகை. ரீவி 43 அங்குலம், 4கே. பெரியம்மாவுக்கு வேண்டியது மூன்று: மாலையில் நாடகம், ஞாயிற்றுக்கிழமை மகனோடு கதைப்பது, கையாள ஒரு கீபோட், அதற்கு மேல் வேறொன்றும் வேண்டாம். "தம்பி, உதை மூடி உள்ளுக்கை வச்சுவிடு, பார்க்க வடிவா இருக்கும்" என்றுதான் முதலில் கேட்டார். மூடி அரை மணி ஓட்டிக் காட்டினேன், ஃபான் இரையத் தொடங்கியது, லப்டொப்பின் மேல் ஓரத்தில் கை வைத்துப் பார்த்துவிட்டு "ஐயோ, கொதிக்குது" என்று அவரே முடிவை மாற்றிக்கொண்டார்.

ரீவி சைகையை விடும் வகை என்பது சோதனையில் தெரிந்தது. ஆகவே ரீவி ஸ்டாண்டின் திறந்த தட்டில், அடியில் காற்றுப் போக நான்கு மூலைக்கும் ரப்பர் துண்டு வைத்து, மூடியை நான்கு விரல் இடைவெளியில் சாய்த்து, `Second screen only` போட்டேன். முதலில் மவுஸ் இழுபட்டு இழுபட்டு நகர்ந்தது. அந்தப் பழைய எச்டிஎம்ஐ 4கே படத்தை விநாடிக்கு 30 தடவைதான் அனுப்பும், `1920 x 1080` ஆக்கி 60 ஹேர்ட்ஸ் கொடுத்ததும் சரியானது. எழுத்துகளை 150 சதவீதமாகப் பெருப்பித்தேன். நான்கு ஓரமும் வெட்டுப்பட்டுத் தெரிந்ததை லப்டொப்பில் திருத்தவில்லை, ரீவியின் பட அளவு மெனுவில் `Just Scan` என்ற தெரிவைக் கொடுத்ததும் முழுப்படம் வந்தது (வேறு ரீவிகளில் இதற்கு வேறு பெயர் இருக்கும்). ரச்பாட் உள்ள வயர்லெஸ் கீபோட் ஒன்று வாங்கிக் கொடுத்தோம், ரீவி ரிமோட்டால் லப்டொப்பை இயக்கமுடியாது என்பதால் அது தேவைப்பட்டது.

சார்ஜரில் இருக்கும்போது `Sleep` ஐ `Never` ஆக்கினேன். யுஎஸ்பி கீபோட்டால் நித்திரையில் இருந்து எழுப்புவது எல்லா லப்டொப்பிலும் நம்பகமாக நடப்பதில்லை, பெரியம்மா தட்டிப் பார்த்து எழும்பவில்லை என்று போன் எடுப்பதைவிட இது மேல். சும்மா நிற்கும்போது 10 வாட் அளவு எடுக்கும் மெஷின், மாதம் முழுக்க இரவுபகலாக ஓடினாலும் ஏழு யூனிற்றுக்குக் கிட்டத்தான் வரும், அதையும் மிச்சம் பிடிக்க விரும்பினால் இரவில் `Shut down` கொடுத்து, காலையில் இடைவெளிக்குள் விரல் விட்டுப் பவர் பட்டனை அழுத்தலாம். பற்றரியை 80 சதவீதத்தில் நிறுத்தும் தெரிவு அந்த மெஷினின் பயோஸில் இருந்தது, அதையும் போட்டுவிட்டேன், எப்போதும் சார்ஜரில் நூறு சதவீதத்தில், சூட்டில் கிடக்கும் பற்றரி கெதியாக வீங்கலாம். வீங்குவதை முதலில் காட்டுவது பெரும்பாலும் ரச்பாட்தான், அது மேலெழும்பும் அல்லது கிளிக் ஆகாமல் இறுகும். சாய்த்து வைத்தால் தூசு தட்டும்போது அது கண்ணில் படும், மூடி அலுமாரிக்குள் இருந்தால் மூடியே பிளக்கும்வரை தெரியவராது. அப்படி எழும்பினால் சார்ஜரைக் கழற்றி, மெஷினை அணைத்து, பற்றரியைக் குத்தாமல் அழுத்தாமல் திருத்துபவரிடம் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன்.